இரவுக் காவல் அண்ணனுக்கு, ஏழாவது மாடியிலிருந்து

அன்புள்ள அண்ணே,

வணக்கம். ஜூலை 24 சிங்கப்பூரில் பாதுகாவல் அதிகாரிகள் தினம். எங்கள் கணக்குப் பிரிவில் எல்லோரும் சேர்ந்து ஒரு அட்டை வாங்கினோம். கையெழுத்துப் போட்டதிலேயே இடம் தீர்ந்துவிட்டது. அதனால்தான் இந்தத் தனிக் கடிதம்.

மாதக் கடைசியில் கணக்கு முடிக்கும் நாட்களில் நாங்கள் கீழே இறங்கவே பத்தரை, பதினொன்று ஆகிவிடும். அந்த நேரத்தில் யாரோடும் பேசத் தோன்றாது. ஆனால் லிஃப்ட் கதவு திறந்ததும், "என்னம்மா, இன்னிக்காவது கணக்கு ஒத்து வந்துச்சா?" என்று கேட்பீர்கள். வெறும் "குட் நைட்" சொல்லி அனுப்பினாலும் யாரும் உங்களைக் குறை சொல்லப்போவதில்லை. எங்களுக்கு என்ன வேலை, எந்த வாரம் தலைவலி என்பதெல்லாம் உங்களுக்கு எப்படித்தான் தெரிகிறதோ!

காலையில் சீக்கிரம் வரும் நாட்களிலும் கவனித்திருக்கிறேன். இரவு முழுக்க விழித்திருந்தவர், எட்டு மணிக்கு ஷிஃப்ட் முடியப்போகிற நேரத்தில், துப்புரவு வேலைக்கு வரும் சீன ஆன்ட்டியிடம் "சாவ் ஆன்" என்கிறீர்கள். லாரி ஓட்டி வரும் மலாய் பாக்சிக்கிடம் "சலாமத் பாகி". எங்கள் இயக்குநருக்கும் அதே சிரிப்புதான், ஒரு இழை கூடுதலில்லை. எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

போன மாதம் கொட்டுகிற மழையில் சாப்பாடு கொண்டுவந்த பையன் தொப்பலாக நனைந்து வாசலில் நின்றான். தரை ஈரமாகும் என்று தயங்கினான். நீங்கள் பழைய அட்டைப்பெட்டி ஒன்றைப் பிரித்துத் தரையில் விரித்து, அதன்மேல் உங்கள் நாற்காலியைப் போட்டு உட்காரச் சொன்னீர்கள். அப்புறம் மேசைக்கு அடியிலிருந்து டிஷ்யூ பாக்கெட்டை எடுத்து நீட்டினீர்கள். சாப்பாட்டை வாங்க வந்த நான் கொஞ்சம் தள்ளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

இதற்காக உங்களை ரொம்ப இளகிய மனசுக்காரர் என்று எழுதிவிட முடியாது. நுழைவு அட்டையை மறந்து வந்த எங்கள் மேலாளருக்கு அன்போடு வணக்கம் சொல்லி, பிறகு வருகையாளர் பதிவேட்டில் கையெழுத்து வாங்கித்தானே மேலே விட்டீர்கள்! அவர் அன்று முணுமுணுத்தார். இந்த அட்டையில் முதல் கையெழுத்து அவருடையதுதான்.

இதோடு ஒரு டப்பா முறுக்கு இருக்கிறது. உங்களுக்குச் சர்க்கரை ஆகாது, கொப்பிகூட 'கோசோங்'தான் என்பதால் லட்டு வேண்டாம் என்று முடிவு செய்தோம். முறுக்கு என் அம்மா சுட்டது, கடையில் வாங்கியதில்லை.

இன்னொரு விஷயம். இந்தக் கடிதத்தின் நகலைக் கட்டட நிர்வாகத்துக்கும் உங்கள் நிறுவனத்துக்கும் அனுப்பியிருக்கிறோம். சூப்பர்வைசர் திடீரென்று கூப்பிட்டால் பயந்துவிடாதீர்கள், புகார் இல்லை.

அன்புடன்,
ஏழாவது மாடி, கணக்குப் பிரிவுத் தங்கச்சியும் மற்றவர்களும்