அம்மாவின் வலது முட்டிக்கான வீட்டுப் பயிற்சி: திங்கள் பதிவிலிருந்து

அண்ணி, அப்பா, இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான் இது. பிசியோதெரபிஸ்ட் திங்கட்கிழமை வீட்டுக்கு வந்தபோது, அவரிடம் கேட்டுக்கொண்டு போனில் பதிவு செய்ததில் இருந்து எழுதியிருக்கிறேன். மொத்தம் 38 நிமிடம். எண்ணிக்கையெல்லாம் அவர் சொன்னபடியே இருக்கிறது. சந்தேகம் வந்தால் அந்த இடத்தைப் போட்டுக் கேட்க வசதியாக, சில இடங்களில் பதிவின் நேரத்தையும் குறித்திருக்கிறேன்.

திங்கள் அன்று, முட்டி மாற்று அறுவை சிகிச்சை முடிந்து 16-ஆம் நாள். தையல் பிரித்தாயிற்று. முட்டி 85 டிகிரி மடங்குகிறது, முழுசாக நீட்ட இன்னும் 5 டிகிரி பாக்கி. அவர் அடுத்து வருவது வியாழன். அதுவரைக்கும்தான் இந்தப் பட்டியல், அப்புறம் மாறும்.

ஒரு நாளைக்கு மூன்று வேளை: காலை 8, மதியம் 12, மாலை 5. டாக்டர் எழுதிக்கொடுத்த வலி மாத்திரையைக் காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு போட்டு, அரை மணி நேரம் கழித்துத் தொடங்கினால் போதும். மாத்திரையைக் கூட்டுவதோ குறைப்பதோ நம் வேலை இல்லை.

1. கணுக்கால் அசைப்பு
இதற்கு மட்டும் வேளைக் கணக்கு கிடையாது. விழித்திருக்கும்போது ஒவ்வொரு மணி நேரமும் 20 முறை, இரண்டு காலுக்கும். பாதத்தைத் தன் பக்கம் இழுத்து, பிறகு கீழே அழுத்த வேண்டும். டிவி பார்க்கும்போதே செய்துவிடலாம்.

2. தொடை இறுக்கல்
கட்டிலில் மல்லாந்து, காலை நீட்டிக்கொண்டு, முட்டியின் பின்பக்கத்தை மெத்தையில் அழுத்த வேண்டும். 5 விநாடி பிடித்து விடுவது, 10 முறை, மூன்று வேளையும். தொடையின் முன்பக்கச் சதை கல் மாதிரி இறுகுகிறதா என்று கை வைத்துப் பாருங்கள். இறுகாவிட்டால் அது கணக்கில் வராது. மூச்சை அடக்கக் கூடாது. அம்மா எண்ணுகிற ஐந்து, கடிகாரத்தில் மூன்றுதான். அதனால் விநாடி முள்ளைப் பார்த்து நீங்களே எண்ணுங்கள்.

3. குதிகாலுக்குக் கீழே துண்டு
துண்டைச் சுருட்டிக் குதிகாலுக்கு அடியில் வைத்து, முட்டியைச் சும்மா தொங்க விட வேண்டும். 5 நிமிடம், மூன்று வேளை. அந்த 5 டிகிரி பாக்கி தீர வேண்டுமானால் இதுதான் வழி. பதிவில் இதை அவர் மூன்று தடவை திருப்பிச் சொல்கிறார் (11-ஆவது நிமிடம்). சுகமாக இருக்கிறது என்று அம்மா முட்டிக்கு அடியில் தலையணை வைத்துக்கொள்வார். பகலிலும் சரி, இரவிலும் சரி, அது கூடவே கூடாது. முட்டி மடங்கியபடியே இறுகிவிடும்.

4. குதிகாலை இழுத்து மடக்குதல்
சாக்ஸ் போட்டுவிட்டு, மெத்தையில் வழுக்கியபடியே குதிகாலைப் பின்பக்கமாக இழுக்க வேண்டும். எட்டிய இடத்தில் 5 விநாடி, 10 முறை, மூன்று வேளை. இழுவை தெரியலாம், குத்தக் கூடாது. யாரும் காலைப் பிடித்து மடக்கிவிடாதீர்கள், அம்மாவே மடக்கட்டும்.

5. காலை நேராகத் தூக்குதல்
காலையும் மாலையும் மட்டும், மதியம் கிடையாது. இடது முட்டியை மடக்கி வைத்து, வலது காலை நீட்டியபடியே ஒரு அடி உயரத்துக்குத் தூக்கி, 3 விநாடி பிடித்து, மெதுவாக இறக்க வேண்டும். 10 முறை. பதிவில் முதலில் “15” என்று கேட்கும். நாலு தடவை தூக்கியதுமே கால் நடுங்கியதைப் பார்த்துவிட்டு அவரே “பத்து போதும்மா, பதினஞ்சு வேண்டாம்” என்று மாற்றினார் (19:40). ஆகவே 10 தான். தூக்கும்போது முட்டி மடங்க ஆரம்பித்தால், எத்தனையாவதாக இருந்தாலும் அங்கேயே நிறுத்துங்கள்.

6. நாற்காலியில்
கை வைத்த, ஆடாத நாற்காலி. பிளாஸ்டிக் நாற்காலி வேண்டாம். வலது காலை முன்னால் நீட்டி 5 விநாடி, 10 முறை. அடுத்து, இடது பாதத்தை வலது கணுக்காலுக்கு முன்னால் வைத்து மெல்லப் பின்னால் தள்ளி மடக்கி 10 விநாடி, 5 முறை. மூன்று வேளையும். இரண்டின் எண்ணிக்கையும் வேறு, கவனம்.

7. நடை
வாக்கரோடு 5 நிமிடம், நாளைக்கு 4 முறை, பக்கத்தில் ஒருவர் இருக்க வேண்டும். வாக்கர், வலது கால், இடது கால் என்ற வரிசை. குதிகால் முதலில் தரையில் பட வேண்டும். திரும்பும்போது முட்டியை முறுக்காமல் சின்னச் சின்ன அடியாக வைத்துத் திரும்பட்டும். வாசலில் இருக்கும் இரண்டு படி, ஆஸ்பத்திரிக்குப் போகும்போது மட்டும்: ஏறும்போது இடது கால் முதலில், இறங்கும்போது வலது கால் முதலில்.

ஒவ்வொரு வேளை பயிற்சி முடிந்ததும் ஐஸ் 15 நிமிடம், துண்டில் சுற்றி. நேராகத் தோலில் வைக்கக் கூடாது.

வலிக்கு அவர் சொன்ன கணக்கு: 10-க்கு 4 வரை வந்தால் தொடரலாம், 5 வந்தால் அந்தப் பயிற்சியை நிறுத்திவிட வேண்டும். பயிற்சிக்குப் பின் வலி ஒரு மணி நேரத்துக்கு மேல் அடங்காமல் இருந்தால், அடுத்த வேளையில் எல்லாவற்றையும் பாதியாகக் குறைத்து அவருக்குச் சொல்ல வேண்டும். நன்றாக இருக்கிறதே என்று கூட்டவும் கூடாது. அம்மா கூட்டத்தான் பார்ப்பார்.

முட்டி கொஞ்சம் சூடாக இருப்பது, தழும்பின் வெளிப்பக்கம் மரத்த மாதிரி இருப்பது, மடக்கும்போது ‘டக்’ என்று வலியில்லாமல் சத்தம் வருவது, இதெல்லாம் பயப்பட வேண்டியது இல்லை.

உடனே 108:
திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சு வலி, இருமலில் ரத்தம், மயக்கம். எனக்குப் போன் செய்வது அதற்கு அப்புறம்.

பயிற்சியை நிறுத்திவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போன் செய்ய வேண்டியவை:
– கெண்டைக்காலில் புதிதாக வலி, வீக்கம், சூடு அல்லது சிவப்பு. ரத்தம் உறைந்திருக்கலாம். தைலம் போட்டு உருவிவிடவே கூடாது. பக்கத்து வீட்டுப் பெரியம்மா பாட்டிலோடு வந்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.
– 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் அல்லது அதற்கு மேல் காய்ச்சல், குளிர் நடுக்கம்.
– தையல் போட்ட இடத்தில் நீர், சீழ், ரத்தக் கசிவு, வாய் பிளப்பது, சிவப்பு பரவுவது.
– காலைத் தூக்கி வைத்தும், ஐஸ் வைத்தும் குறையாமல் ஏறிக்கொண்டே போகும் வீக்கம்.
– கீழே விழுந்தால், வலி இல்லை என்று சொன்னாலும்.
– திடீரென்று காலை நீட்டவோ ஊன்றவோ முடியாமல் போவது. பாதம் வெளுத்தோ நீலமாகவோ, சில்லென்றோ ஆவது.

தரையில் உட்காருவது, சம்மணம், குந்துவது எதுவும் இப்போது கிடையாது. பூஜைக்கு எப்போது கீழே உட்காரலாம் என்று அம்மா இரண்டு தடவை கேட்கிறார் (31-ஆவது நிமிடம்). அது டாக்டர் சொல்ல வேண்டியது என்றுதான் பதில். அதுவரை விளக்கை மேஜை மேல் வையுங்கள்.

காலண்டர் பக்கத்தில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன். ஒவ்வொரு வேளையும் எத்தனை முறை செய்தார், வலி எத்தனை என்று இரண்டு எண் மட்டும் எழுதுங்கள். வியாழன் அன்று அவர் முதலில் கேட்கப் போவது அந்தத் தாளைத்தான்.