ஒன்பதாம் வகுப்பு ஏ, பி பிரிவுகளின் கணித மதிப்பெண் ஒப்பீடு: பகுப்பாய்வுத் திட்டம்

எழுதிய நாள்: 2024 நவம்பர் 18. தேர்வு நவம்பர் 22, வெள்ளிக்கிழமை. ஒரு விடைத்தாள்கூடத் திருத்தப்படும் முன்பே இத்திட்டத்தின் கையெழுத்திட்ட பிரதி தலைமையாசிரியரிடம் இருக்கும். மதிப்பெண்ணைப் பார்த்த பிறகு கணக்கிடும் முறையைத் தேர்ந்தெடுத்தால், நமக்குப் பிடித்த விடை வரும் முறையைத்தான் கை தேடிப்போகும். அதற்காகத்தான் இந்த ஏற்பாடு.

கேள்வி

இரண்டு பிரிவுக்கும் கணிதம் எடுப்பது நான்தான். அக்டோபர் 7 முதல் நவம்பர் 15 வரை ஏ பிரிவில் (38 பேர்) இயற்கணிதத்தை நால்வர் குழுக்களாக உட்கார வைத்து, ஒருவருக்கொருவர் விளக்கிச் சொல்லும்படி நடத்தினேன். பி பிரிவில் (36 பேர்) வழக்கம்போலக் கரும்பலகைதான். 50 மதிப்பெண் தேர்வில் இரண்டு பிரிவின் சராசரிக்கும் வித்தியாசம் உண்டா, உண்டென்றால் எவ்வளவு?

இன்மை கருதுகோள்: இரு சராசரிகளும் சமம். மாற்றுக் கருதுகோள்: சமமில்லை. ஏ பிரிவு பின்தங்கவும் வாய்ப்புண்டு என்பதால் சோதனை இருபக்கமானது. பி-மதிப்பு என்பது பி பிரிவின் மதிப்பெண் அல்ல; சராசரிகள் உண்மையில் சமமாக இருந்தும் இவ்வளவு அல்லது இதைவிடப் பெரிய வித்தியாசம் தற்செயலாக வரும் வாய்ப்பு. அதன் வரம்பு 0.05.

தரவு

இரு பிரிவு மாணவர்களும் ஒரே அறையில், ஒரே நேரத்தில், மாற்றி மாற்றி உட்கார்ந்து எழுதுவார்கள். தாளில் பெயரும் பிரிவும் மறைக்கப்பட்டிருக்கும். திருத்துவது வேறொரு கணித ஆசிரியர். எந்தத் தாள் ஏ என்று தெரிந்தால் என் பேனா அரை மதிப்பெண்ணாவது தாராளமாகிவிடும் என்ற பயம் எனக்கு உண்டு.

வராதவர்களுக்குப் பதிவேட்டில் AB என்று போடுவோம். எக்செலில் ஏற்றும்போது அது 0 ஆகிவிடக் கூடாது. 35 பேர் எழுதி சராசரி 31 என்று வைத்துக்கொள்வோம். வராத மூவருக்கும் 0 போட்டால் சராசரி 28.6க்கு இறங்கிவிடும். அவர்களைக் கணக்கில் சேர்க்க மாட்டோம், எத்தனை பேர் என்பதை மட்டும் பிரிவுவாரியாகச் சொல்வோம். தேர்வெழுதி உண்மையிலேயே 0 வாங்கியவர் கணக்கில் இருப்பார்.

முதன்மைச் சோதனை

வெல்ச் டி-சோதனை. ஸ்டூடண்ட் டி-சோதனை இரு பிரிவிலும் மாறுபாடு சமம் என்று எடுத்துக்கொள்கிறது. வெல்ச் முறைக்கு அந்தச் சமம் தேவையில்லை. சமமாகவே இருந்தாலும் பெரிய இழப்பில்லை. அதனால் மாறுபாடு சமமா என்று பார்க்கும் லெவீன் சோதனையை முதலில் செய்து, அதன் விடையைப் பார்த்து டி-சோதனையைத் தேர்ந்தெடுக்கும் பழக்கத்தை விட்டுவிடுகிறோம்.

```r
d <- read.csv("marks.csv", na.strings = "AB")
t.test(mark ~ section, data = d, var.equal = FALSE)
```

விளைவின் அளவு

பி-மதிப்பு மட்டும் போதாது. ஏ கழித்தல் பி என்ற வித்தியாசத்தை முதலில் மதிப்பெண்ணாகவே, 95% நம்பிக்கை இடைவெளியோடு சொல்வோம்; பெற்றோருக்கும் புரிவது அதுதான். அப்புறம் அதே வித்தியாசத்தைத் திட்ட விலக்கத்தின் மடங்காகச் சொல்லும் ஹெட்ஜஸ் அளவு, அதாவது கீழே உள்ள g:

d = (M_A − M_B) / S_p
g = d × (1 − 3 / (4(n_A + n_B − 2) − 1))

M என்பது பிரிவின் சராசரி, n என்பது தேர்வெழுதியவர் எண்ணிக்கை, S_p என்பது இரு பிரிவின் மாறுபாடுகளையும் எடையிட்டுச் சேர்த்துக் கிடைக்கும் திட்ட விலக்கம். 0.2 சிறியது, 0.5 நடுத்தரம், 0.8 பெரியது என்று கோஹன் சொன்ன எல்லைகளைக் கண்ணை மூடிக்கொண்டு ஒட்ட மாட்டோம். எங்களுக்கு 4 மதிப்பெண் முன்னேற்றமே பெரிய விஷயம். காலாண்டில் திட்ட விலக்கம் 10 அளவில் இருந்தது. அப்படியானால் 4 மதிப்பெண் என்பது 0.4தான். ஆனால் 38, 36 பேரை வைத்து 80% வாய்ப்போடு பிடிக்கக்கூடியது ஏறத்தாழ 0.66, அதாவது ஆறரை மதிப்பெண். ஆகவே பி-மதிப்பு 0.05ஐத் தாண்டினால் ‘வித்தியாசமே இல்லை’ என்று எழுத மாட்டோம். நம்பிக்கை இடைவெளிக்குள் 4 இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வோம்.

அனுமானங்கள்

இயல்நிலைப் பரவல்: பிரிவுவாரியாக ஹிஸ்டோகிராமும் கியூ-கியூ படமும் வரைவோம். இந்த எண்ணிக்கைக்கு லேசான சாய்வு சோதனையைக் கெடுக்காது. பலர் 45க்கு மேல் குவிந்து சாய்வு கடுமையாகத் தெரிந்தால், மதிப்பெண்ணின் தர வரிசையை வைத்து ஒப்பிடும் மான்-விட்னி சோதனையையும் பக்கத்தில் தருவோம்; முதன்மை விடை வெல்ச்தான். விலகி நிற்கும் மதிப்பெண்ணை, பதிவுப் பிழை என்று விடைத்தாளோடு ஒப்பிட்டு உறுதியானால் திருத்துவோம். மற்றபடி தொட மாட்டோம்.

சார்பின்மைதான் உண்மையான சிக்கல். குழுவில் ஒருவர் தப்பாகப் புரிந்துகொண்டு விளக்கினால் நால்வரும் அதே தப்பைச் செய்வார்கள். அப்போது 38 மதிப்பெண்கள் 38 தனித்தனிச் சான்றுகள் ஆகாது. பி-மதிப்பு உள்ளதைவிடச் சிறியதாகத் தெரியலாம். அதோடு, மாணவர்களைக் குலுக்கிப்போட்டுப் பிரிக்கவில்லை, ஜூனில் அமைந்த பிரிவுகள் அப்படியே இருக்கின்றன. டியூஷன் போகிறவர்கள் ஒரு பக்கம் அதிகம் இருக்கலாம். இதற்காகக் காலாண்டு மதிப்பெண்ணைச் சேர்த்து ஒரு இணைமாறிப் பகுப்பாய்வைத் துணையாகச் செய்வோம். அதுவும் இந்தக் குறையை முழுதாகத் தீர்க்காது. எனவே அறிக்கையில் ‘ஏ பிரிவின் சராசரி இவ்வளவு வேறுபடுகிறது’ என்று இருக்கும்; ‘குழுமுறையால் உயர்ந்தது’ என்று இருக்காது.