துணைக்கோள் கணக்கு: சுற்றியக்க வேகம், சுற்றுக்காலம், விடுபடு வேகம்

தம்பி, புவியைச் சுற்றும் துணைக்கோளின் வேகம், சுற்றுக்காலம், அச்சுற்றுப்பாதையிலிருந்து விடுபடும் வேகம் ஆகிய மூன்றையும் கேட்கும் கணக்கை நீ எழுதி அனுப்பிய ஒளிப்படத்தில் தாளின் ஓரம் மடங்கியிருப்பதால் உயரத்தின் கடைசி இலக்கம் நிழலில் மறைந்துள்ளது. எனினும் கீழே உன் கையெழுத்தில் 6 × 10⁵ மீ என்றிருப்பதால், புவிப்பரப்பிலிருந்து உயரம் 600 கி.மீ. என்றே கொள்கிறேன். துணைக்கோளின் நிறை 250 கி.கி., புவியின் ஆரம் 6400 கி.மீ., g = 9.8 மீ/வி² ஆகியவை தெளிவாகத் தெரிகின்றன.

உன் விடையில் சுற்றியக்க வேகம் நொடிக்கு ஏறத்தாழ 25.9 கி.மீ. என வந்துள்ளது. வகுத்தலிலோ வர்க்கமூலத்திலோ பிழையில்லை. v = √(GM/r) என்பதில் r என்னுமிடத்தில் உயரத்தை மட்டும் இட்டதே பிழை. புவியின் ஈர்ப்பு அதன் மையத்தை நோக்கியே செயல்படுவதால், r என்பது மையத்திலிருந்து துணைக்கோள் வரையுள்ள தொலைவு, அதாவது புவியின் ஆரம் R, உயரம் h இரண்டின் கூடுதலாகிய R + h. இந்த ஒரு வரியை முதலில் எழுதிவிட்டுத் தொடங்கும் பழக்கம் உனக்கு வரவேண்டும் என்று மிகவும் விரும்புகிறேன். உன் விடை, புவிப்பரப்பிலுள்ள விடுபடு வேகமாகிய 11.2 கி.மீ./வி-ஐயே விஞ்சுகிறது என்பதைக் கண்டிருந்தால், அவ்வேகத்தில் செல்லும் பொருள் புவியைச் சுற்றாமல் விலகிப் போய்விடும் என்பது அப்போதே புலப்பட்டிருக்கும்.

r = 6400 + 600 = 7000 கி.மீ. = 7 × 10⁶ மீ

GM = gR² = 9.8 × (6.4 × 10⁶)² = 4.014 × 10¹⁴ மீ³/வி²

வட்டப்பாதையில் இயங்கத் தேவையான மையநோக்கு விசையை ஈர்ப்பு விசையே தருவதால் mv²/r = GMm/r² என எழுதலாம். இருபுறமும் m நீங்கிவிடுகிறது. ஆகவே 250 கி.கி. என்ற தரவு இங்கே தேவைப்படாது.

v = √(GM/r) = √(5.734 × 10⁷) ≈ 7.57 × 10³ மீ/வி

சுற்றுக்காலம் என்பது ஒரு முழுச் சுற்றின் நீளத்தை வேகத்தால் வகுத்துக் கிடைப்பது.

T = 2πr/v = 4.398 × 10⁷ / 7572 ≈ 5808 வி ≈ 97 நிமிடம்

மூன்றாம் பகுதியில் வினா கேட்பது புவிப்பரப்பிலுள்ள விடுபடு வேகத்தை அன்று, அச்சுற்றுப்பாதையிலிருந்து விடுபடத் தேவையான வேகத்தை; எனவே மனப்பாடமான 11.2-ஐ இங்கே எழுதினால் மதிப்பெண் போய்விடும். அந்தத் தொலைவில் நிலையாற்றல் −GMm/r. மொத்த ஆற்றல் சுழியாகும் அளவுக்கு இயக்க ஆற்றல் இருந்தால்தான் துணைக்கோள் புவியின் ஈர்ப்பிலிருந்து விடுபடும்.

½mvₑ² = GMm/r

vₑ = √(2GM/r) = √2 × 7572 ≈ 1.071 × 10⁴ மீ/வி

சுற்றிக்கொண்டிருக்கும்போது துணைக்கோளின் இயக்க ஆற்றல் GMm/2r. விடுபடத் தேவைப்படுவதோ அதைப் போல் சரியாக இரு மடங்கு. √2 என்ற எண் இதிலிருந்தே பிறக்கிறது. ஏற்கெனவே 7.57 கி.மீ./வி வேகத்தில் செல்லும் துணைக்கோளுக்கு, அது செல்லும் திசையிலேயே இன்னும் 3.14 கி.மீ./வி கூட்டினால் போதும்.