பகாவ் தோட்டப்புறக் குப்பைப் பிரிப்பு, உரக்களம்: வடிவமைப்புக் குறிப்பு

நெகிரி செம்பிலானில் வீட்டிலேயே குப்பையைப் பிரிப்பது 2015 செப்டம்பரிலிருந்து கட்டாயம். ஆனாலும் வரும் பையில் பாதி கலப்படம்தான் என்று வைத்தே இதை வரைந்திருக்கிறேன்.

இடம்: பழைய ரப்பர் புகைக்கூடத் திடல். அங்குள்ள சிமெண்டுத் தரையைப் பயன்படுத்தினால் செலவு குறையும் என்றார்கள். ஒரு வாளித் தண்ணீரை ஊற்றிப் பார்த்தேன். விரிசல் வழியாக அரை மணியில் காணாமல் போனது. அதனால் புதுத் தரைதான்: 150 மில்லிமீட்டர் கான்கிரீட், கம்பி வலையோடு.

கொள்ளளவு: தாமானும் லயங்களும் சேர்த்து 700 வீடு. நாற்பது வீட்டில் பத்து நாள் நிறுத்ததில் வீட்டுக்கு நாளுக்கு 1.3 கிலோ உணவுக் கழிவு. அறுபது விழுக்காட்டினர் ஒழுங்காகத் தந்தால் ஏறக்குறைய 550 கிலோ, பாசார் காய்கறிக் கழிவு 350. ஆக நாளுக்கு 900 கிலோ. இதோடு 300 கிலோ மரத்தூளும் நறுக்கிய செம்பனை மட்டையும் கலக்க வேண்டும். இல்லையென்றால் குவியல் கூழாகி நாறும். ஒரு கன மீட்டருக்கு 500 கிலோ என்றால் நாளுக்கு 2.4, வாரத்துக்கு 16.8 கன மீட்டர். அடி அகலம் 2.5, உயரம் 1.2, நீளம் 9 மீட்டர் உள்ள ஒரு குவியலில் அது அடங்கும். ஆறு வாரத்துக்கு ஆறு குவியல், புரட்டிப்போட ஒன்று காலி. நடைவழியோடு 32 x 12 மீட்டர் கொட்டகை. முதிர வைக்க 50 சதுர மீட்டர் தனி.

கசிவுநீர்தான் முக்கியம். கொட்டகையின் மேல் ஒரே நாளில் 100 மில்லிமீட்டர் கொட்டினால், கூரை நீட்டங்களையும் சேர்த்து 50 கன மீட்டருக்கு மேல் மழைநீர் வரும். அது களத்தைத் தொடவே கூடாது. கூரை ஓர வடிகால் நேராக மழைக்கால்வாய்க்குப் போகட்டும். சுற்றிலும் 150 மில்லிமீட்டர் வரப்பு. அப்புறம் மிஞ்சுவது கொஞ்சம்தான்: கழிவில் பத்தில் ஒரு பங்கு கசியும் என்று வைத்தால் 90 லிட்டர், கழுவும் நீர் 210, ஆக 300 லிட்டர். பத்து நாளுக்கு 3 கன மீட்டர், சாரலுக்கு இன்னும் 3.2. தொட்டி 7 கன மீட்டர் போதும்: 2.5 x 2, நீர்மட்டம் 1.4, மொத்த ஆழம் 1.7 மீட்டர். இதைவிடப் பெரிதாகக் கேட்பவர்களுக்கு நான் சொல்வது: காசைக் கூரையில் போடுங்கள்.

தரைச் சரிவு 1.5 விழுக்காடு, குவியலின் நீளவாக்கில். குறுக்கே சரித்தால் குவியலே நீரை மறிக்கும். வாய்க்கால் முகத்தில் கழற்றிக் கழுவக்கூடிய வலைக்கூடை, தொட்டிக்குள் காற்று ஊதும் சிறு பம்பு. நீரை இரண்டாம், மூன்றாம் வாரக் குவியல்களில் மட்டும் தெளிக்கவும். முதல் வாரத்தது ஏற்கெனவே ஈரம், நான்குக்குப் பிறகு தெளித்தால் கிருமி உரத்தோடு வெளியே போகும். குவியல் 55 பாகை செல்சியஸுக்குக் குறையாமல் 15 நாள் சூடாக இருக்க வேண்டும். அதற்குள் ஐந்து முறை புரட்ட வேண்டும். தொட்டி முக்கால் நிரம்பினால் டேங்கர் லோரியைக் கூப்பிடவும். சாக்கடையில் திறக்கும் வால்வு வைக்கவில்லை, வேண்டுமென்றேதான்.

பிரிப்பு மேசை கொட்டகை வாசலில்: உணவு, காகிதம், நெகிழியும் டின்னும், மிச்சம். பேட்டரிக்கும் பல்புக்கும் பூட்டுப் பெட்டி. தைப்பூசத்துக்கு மறுநாள் உடைத்த தேங்காய் ஓடு லோரி லோரியாக வரும். அது ஆறு வாரத்தில் மக்காது. வேலியோரம் தனியாகக் கொட்டி, அடுப்புக்குக் கேட்பவர்களுக்குக் கொடுத்துவிடலாம்.