எவ்வளவு குறையுது?

எஸ்டிபிஎம் இரண்டாம் தவணைத் தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. சுங்கை சிப்புட்டில் அந்த விடுதியின் படிப்பறையில் பிரெப் முடிந்து எல்லாரும் போன பிறகும் இரண்டு பேர் மட்டும் எழுந்திருக்கவில்லை. யாழினி லிமிட் கணக்குகளைப் போட்டுக்கொண்டிருந்தாள். பவித்ரா பிஸ்கட்டை மைலோவில் முக்கிக்கொண்டே சொன்னாள்:

"0.999... ஒன்னு கிடையாதுடி. கிட்டக்க வரும், அவ்வளவுதான்."

"ஒன்னுதான். மூணுல ஒரு பங்கு 0.333... இல்லையா? அதை மூணால பெருக்கிப் பாரு."

"0.333...-உம் மூணுல ஒரு பங்குக்குக் கிட்டக்கதான்னு சொல்றேன். இப்ப என்ன செய்வே?"

யாழினி சளைக்காமல் அடுத்ததை எழுதிக் காட்டினாள். x = 0.999... என்றால் 10x = 9.999... கழித்தால் 9x = 9. அதனால் x = 1.

"முடிவே இல்லாத எண்ணைப் பத்தால பெருக்கலாம், கழிக்கலாம்னு யாரு உனக்கு லைசன்ஸ் கொடுத்தா?"

பவித்ராவிடம் இதுதான் தொல்லை. ஒத்துக்கொள்ளாமல் இருக்க எப்படியாவது ஒரு வழி கண்டுபிடித்துவிடுவாள். அந்த வழி பெரும்பாலும் நியாயமாகவும் இருந்து தொலைக்கும்.

"எங்கப்பா ஆலையில லோரி எடை போடுறாரு," என்றாள். "செம்பனைக் குலை ஒரு கிலோ குறைஞ்சாலும் குறைவுதான். 'ஏறக்குறைய ஒரு டன்'னு சீட்டுல எழுத மாட்டாரு."

"சரி லா. எத்தனை கிலோ குறையுதுன்னு எழுதுவாருல்ல? நீயும் எழுது. ஒன்னுக்கு எவ்வளவு குறையுது?"

பவித்ரா பென்சிலை எடுத்து 0.000...1 என்று எழுதினாள்.

"அந்த 1 எத்தனையாவது இடத்துல இருக்கு?"

"கடைசியில."

"முடிவே இல்லன்னு நீதானே சொன்னே? கடைசி எங்கிருந்து வந்துச்சு?"

பவித்ரா எழுதியதை அழித்தாள். பிஸ்கட் மைலோவுக்குள் உடைந்து விழுந்ததைக்கூடக் கவனிக்கவில்லை. 

"சரி, எவ்வளவுன்னு தெரியல. ரொம்ப ரொம்பக் கொஞ்சம். ஆனா குறையுது."

"நீ எவ்வளவு கொஞ்சம் சொன்னாலும் சரி. ஆயிரத்துல ஒரு பங்குன்னு சொல்லு, நான் நாலு 9 போட்டா மிச்சம் பத்தாயிரத்துல ஒரு பங்குதான். கோடியில ஒரு பங்குன்னு சொல்லு, எட்டு 9 போடுறேன். 0.999...-ல அதைவிட நிறைய 9 இருக்கு. அப்ப நீ சொல்ற குறை எதுவா இருந்தாலும், உண்மையான குறை அதைவிடச் சின்னது. பூஜ்யத்தைத் தவிர வேற எந்த எண் அப்படி இருக்க முடியும்?"

"ஆனா எத்தனை 9 போட்டாலும் ஒன்னு வரலையே! 0.9 வரல, 0.99 வரல, 0.999 வரல. போய்க்கிட்டே இருக்கு, சேரவே மாட்டேங்குது."

யாழினி பதில் சொல்லாமல் பவித்ராவின் நோட்டைத் தன் பக்கம் இழுத்தாள். அன்று மாலை பவித்ரா போட்ட கணக்கு அதில் இருந்தது:

lim (x² − 1)/(x − 1) = 2, x → 1

"இதுல x ஒன்னு ஆகுதா?"

"ஆகாது. கீழே பூஜ்யம் வந்துடும்."

"x ஒன்னைத் தவிர வேற எதுவா இருந்தாலும் அந்தப் பின்னம் 2 ஆகுமா?"

"ஆகாது."

"அப்புறம் ஏன் = 2ன்னு போட்டே? 'கிட்டக்க 2'ன்னு போட வேண்டியதுதானே?"

"பின்னம் 2 இல்லடி, அதோட லிமிட்தான் 2. லிமிட்டுங்கிறது எங்கே போகுதோ அந்த..." பாதியில் நிறுத்திவிட்டாள்.

யாழினி சிரிக்காமல் இருக்கப் பெரும்பாடுபட்டாள்.

"0.9, 0.99, 0.999, இதெல்லாம்தான் நடக்குது," என்று பவித்ரா மெதுவாகச் சொன்னாள். "எதுவுமே ஒன்னு இல்ல. ஆனா அந்த மூணு புள்ளி போட்டா..."

"அது போகிற இடத்தோட பேரு."

"அப்படின்னு யாரு முடிவு பண்ணா?"

"கணக்குக்காரங்க. முடிவில்லாத தசமம்னா அதுக்கு லிமிட்தான் பொருள்னு வச்சுக்கிட்டாங்க. போன தவணையில பெருக்குத் தொடர் கூட்டினியே, 0.9-ஐ 1 − 0.1-ஆல வகுத்து? அதுவும் லிமிட்தான். அப்ப ஒத்துக்கிட்டே."

"அப்ப சூத்திரம் கொடுத்தாங்க, போட்டேன். இதை முதல்லயே சொல்லியிருந்தா இவ்வளவு நேரம் ஆகியிருக்குமா? பெருக்கு, கழின்னு வித்தை காட்டினே."

தாழ்வாரத்தில் வார்டனின் செருப்புச் சத்தம் கேட்டது. இருவரும் அவசரமாகப் புத்தகங்களை அடுக்கினார்கள். படியேறும்போது பவித்ரா யாழினியின் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"அப்ப 0.4999... என்ன?"

"0.5."

"முழு எண்ணாக்கு."

"ஒன்னு."

"புள்ளிக்கு அப்புறம் 4 இருக்குடி. 4 வந்தா விட்டுடணும்னு ஆரம்பப் பள்ளியிலயே சொல்லிக்கொடுத்தாங்க. பூஜ்யம்தானே வரணும்?"

யாழினி வாயைத் திறந்தாள், மூடினாள். பிறகு படியிலேயே உட்கார்ந்து, "பென்சிலைக் கொடு" என்றாள்.