ஐந்து லிட்டர் குக்கருக்கு ஒரு ரப்பர்

கும்பகோணத்தில் எங்கள் தெருவுக்கு அருகிலுள்ள பாத்திரக்கடைக்கு அம்மா குக்கர் மூடியையே பையில் போட்டு எடுத்து வந்திருந்தார். பத்து நாளாக விசில் வராமல் மூடியின் ஓரத்தில் ஆவி கசிந்தது. ரப்பரைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து இறுக வைப்பதும் இரண்டு தடவை ஆயிற்று. இனி மாற்றத்தான் வேண்டும்.

ஆடித் தள்ளுபடிக் கூட்டம். இருபத்திரண்டு வயது இருக்கும் ஒரு தம்பி ஓடி வந்தார்.

"வாருங்கள் அம்மா, என்ன பார்க்கிறீர்கள்?"

"ஐந்து லிட்டர் குக்கருக்கு ரப்பர் வேண்டும் தம்பி. மூடியைக் கொண்டு வந்திருக்கிறேன்."

அவர் மூடியை வாங்கினார், ஆனால் பார்க்கவில்லை. "பழைய குக்கரைக் கொடுத்துவிடுங்கள் அம்மா, 400 ரூபாய் கழித்துக்கொள்கிறோம். இதோ, மூன்றடுக்கு ஸ்டீல், அடிப்பிடிக்காது, இண்டக்‌ஷன் அடுப்பிலும் வைக்கலாம். 2,850 ரூபாய்தான்."

அம்மா அதைக் கையில் வாங்கி, கனம் பார்த்து, கைப்பிடியைத் தடவிப் பார்த்தார். "நல்ல பாத்திரம். என்னுடையது இன்னும் நன்றாக உழைக்கிறது தம்பி, ரப்பர் மட்டும்தான் போய்விட்டது."

அடுத்து ஒட்டாத தோசைக்கல் வந்தது. அதற்கு ஒரு மரக்கரண்டி இலவசம். வீட்டில் இரும்புக்கல் பழகியிருக்கிறது என்றார் அம்மா. பிறகு இட்லிக் குண்டான், மூன்று அளவில் எவர்சில்வர் டப்பாக்கள். கடைசியாக அந்தத் தம்பி உள்ளே போய்ப் பித்தளை டபராசெட் ஒன்றைக் கொண்டு வந்து துடைத்து வைத்தார். மஞ்சள் வெளிச்சத்தில் அது மின்னியது. கும்பகோணத்துக்காரர்களிடம் டபராவைக் காட்டினால் மனம் அசையும் என்று அவருக்குத் தெரியும். என் மனம் அசைந்தது. "வாங்கிக்கொள்ளலாமே அம்மா" என்றுகூடச் சொன்னேன்.

"வீட்டில் நான்கு செட் இருக்கிறது. காபி குடிப்பது நாம் மூன்று பேர்" என்றார் அம்மா.

அம்மா ஒரு தடவைகூட "அப்புறம் வந்து வாங்குகிறேன்" என்று சொல்லவில்லை. "விலை அதிகம்" என்று பொருளைக் குறைத்தும் பேசவில்லை. நான் தப்பிப்பதற்குச் சொல்லும் வார்த்தைகள் இவைதான். அவற்றை நம்பி எதிரில் நிற்பவர் இன்னும் இரண்டு டப்பாக்களை இறக்கி வைப்பார். அம்மா எதையும் பார்ப்பார், நன்றாக இருந்தால் நன்றாக இருக்கிறது என்பார், வேண்டாம் என்பதையும் அதே குரலில் சொல்வார்.

மேசைக்கு அடியில் ஒரு ஸ்டூல் இருந்தது. அதன் மேல் அட்டைப்பெட்டிகளை அடுக்கியிருந்தார்கள். கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாட்டில் சட்டமே கொண்டு வந்தார்கள். அந்தத் தம்பி ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு எடையை மாற்றி மாற்றி நின்றார். அம்மா அதைக் கவனித்துவிட்டார்.

"காலையிலிருந்து நின்றுகொண்டே இருக்கிறீர்களா தம்பி?"

"ஒன்பதரைக்கு வந்தேன் அம்மா." சற்றுத் தயங்கிக் குரலைத் தாழ்த்தினார். "இந்த மாதம் பத்து குக்கர் விற்க வேண்டும். ஆறுதான் ஆகியிருக்கிறது."

"புரிகிறது. வேண்டுமென்று யாராவது கேட்டால் உங்களிடமே அனுப்புகிறேன். எனக்கு இன்றைக்கு ரப்பர் போதும்."

அதன் பிறகுதான் அவர் மூடியைத் திருப்பிப் பார்த்தார். நகத்தால் ஓரத்தைச் சுரண்டினார். விரலை மூடியின் மேல் ஓர் இடத்தில் வைத்தார். "இந்தச் சேஃப்டி வால்வைப் பாருங்கள் அம்மா. நடுவில் இருக்கும் உலோகம் பிதுங்கியிருக்கிறது. தண்ணீர் வற்றி ஒரு தடவை நன்றாகக் காய்ந்திருக்கும். இதையும் மாற்றிவிடுங்கள். 60 ரூபாய்தான். இது விற்பனைக்காகச் சொல்வது இல்லை."

அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். போன மாதம் பருப்பு தீய்ந்தது நினைவுக்கு வந்திருக்க வேண்டும். "சரி, அதைப் போடுங்கள்" என்றார் உடனே.

தம்பி பழைய வால்வைக் கழற்றிப் புதியதை முடுக்கினார். ஐ.எஸ்.ஐ. முத்திரை இருந்த உறையைப் பிரித்து, புதிய ரப்பரை மூடியின் விளிம்பில் வைத்துக் கட்டைவிரலால் சுற்றிலும் அழுத்திக்கொண்டே போனார். ஓர் இடத்திலும் மேலெழும்பவில்லை. "முதல் தடவை வெறும் தண்ணீர் வைத்து விசில் வருகிறதா என்று பார்த்துவிட்டுச் சமையுங்கள்" என்றார்.

ரப்பர் 180, வால்வு 60. அம்மா 240 ரூபாயை எண்ணிக் கொடுத்தார். சுவர்க் கடிகாரத்தில் மணி இரண்டு நாற்பது.

"சாப்பிட்டீர்களா தம்பி?"

"இனிமேல்தான் அம்மா."

"முதலில் போய்ச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள்" என்று சொல்லி, மூடியைப் பைக்குள் மெல்ல வைத்தார்.