தண்ணீர் ஊற்றினால் தெரியும் நாணயம்: ஒளிவிலகல் (எட்டாம் வகுப்பு அறிவியல்)

இன்றைய பாடத்துக்கு வேண்டியது ஒரு கோப்பை, ஒரு நாணயம், ஒரு குவளைத் தண்ணீர். இருவர் இருவராகச் சேர்ந்து உட்காருங்கள். ஒருவர் பார்ப்பவர், மற்றவர் ஊற்றுபவர். பாதியில் இடம் மாறிக்கொள்ளலாம். இரண்டு வேலையையும் இருவரும் செய்து பார்க்க வேண்டும்.

கோப்பை உள்ளே இருப்பதை வெளியே காட்டாததாக இருக்கட்டும். பீங்கானோ எவர்சில்வரோ எதுவானாலும் சரி. கண்ணாடி டம்ளர் இப்போதைக்கு வேண்டாம், சுவர் வழியாகவே நாணயம் தெரிந்துவிடும். நம் மேசையில் உள்ள கோப்பைகள் 8 செ.மீ. உயரம், 8 செ.மீ. அகலம், நேரான சுவர் கொண்டவை. நாணயத்தின் விட்டம் 2.5 செ.மீ. அதன் அடியில் மிளகளவு களிமண்ணை வைத்து அழுத்தி, கோப்பையின் அடியில் ஒட்டிவிடுங்கள். ஒட்டாமல் விட்டால் தண்ணீர் விழும் வேகத்தில் நாணயம் நகரலாம். அப்புறம் நீங்கள் எதைப் பார்த்தாலும், “அது நகர்ந்ததால்தான் தெரிந்தது” என்று பக்கத்து மேசைக்காரர் சொல்வார். அதை மறுக்க உங்களிடம் ஒன்றும் இருக்காது.

நாணயத்தை நடுவில் வைக்க வேண்டாம். பார்ப்பவருக்கு எதிர்ப்பக்கச் சுவரை ஒட்டி வையுங்கள்.

பார்ப்பவர் செய்ய வேண்டியது

முதலில் நாணயம் முழுதாகத் தெரியும்படி உட்காருங்கள். பிறகு மெதுவாகப் பின்னால் நகருங்கள். கோப்பையின் உங்கள் பக்க விளிம்பு நாணயத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மறைக்கும். உங்களுக்கு அருகில் உள்ள ஓரம் முதலில் மறையும், தூரத்து ஓரம் கடைசியில். அதுவும் மறைந்த அந்தக் கணத்தில் நின்றுவிடுங்கள். முகவாயைக் கையில் ஊன்றிக்கொண்டால் தலை அசையாது. இந்தச் சோதனை சொதப்புவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். ஆர்வத்தில் தலை ஒரு விரற்கடை உயர்ந்தாலும் தண்ணீர் இல்லாமலேயே நாணயம் தெரிந்துவிடும்.

ஊற்றுவதற்கு முன் இருவரும் குறிப்பேட்டில் ஒரு வரி எழுதுங்கள்: என்ன நடக்கும், ஏன்? தவறாகப் போனாலும் அந்த வரியை அடிக்க வேண்டாம். பாடம் முடிந்ததும் அது தேவைப்படும்.

இப்போது ஊற்றுங்கள். நாணயத்தின் தலைமேல் ஊற்றாமல், சுவரோரமாக, மெல்லிய தாரையாக.

பார்ப்பவர் கண்ணில் முதலில் படுவது ஒரு மெல்லிய பிறை. கடைசியில் மறைந்த தூரத்து ஓரம்தான் முதலில் திரும்பி வருகிறது. நீர் ஏற ஏறப் பிறை பருத்து, அரை வட்டமாகி, கோப்பை நிரம்புவதற்குச் சற்று முன் முழு நாணயமும் தெரிகிறது. கண் 45° சாய்வில் பார்த்தால், நீர் ஒவ்வொரு செ.மீ. உயரும்போதும் அடிப்பகுதியில் சுமார் 4 மி.மீ. கூடுதலாக வெளிப்படும். ஊற்றுவதை நிறுத்தினால் பிறை வளர்வதும் அப்படியே நிற்கும். நிறுத்தி நிறுத்திப் பாருங்கள்.

இதற்குள் ஊற்றுபவர் ஆட்சேபம் சொல்லியிருப்பார். அவர் மேலிருந்து பார்க்கிறார், அவருக்கு நாணயம் ஒரு கணமும் மறையவில்லை. “அது அங்கேயேதானே இருக்கிறது!” என்கிறார். “இல்லை, இப்போதுதான் வந்தது” என்கிறார் பார்ப்பவர். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. பென்சிலால் தொட்டுப் பாருங்கள். களிமண்ணோடு நாணயம் வைத்த இடத்திலேயே இருக்கிறது. தண்ணீர் அதைத் தூக்கவில்லை. அப்படியானால் மாறியது எது?

பாதை மாறியது

நாம் ஒரு பொருளைப் பார்க்கிறோம் என்றால், அதிலிருந்து ஒளி புறப்பட்டுக் கண்ணுக்குள் வருகிறது என்று பொருள். கண்ணிலிருந்து எதுவும் வெளியே போவதில்லை. சன்னல் வெளிச்சம் நாணயத்தின் மேல் பட்டு எல்லாத் திசைகளிலும் சிதறுகிறது. காற்று மட்டும் இருந்தபோது அந்தக் கதிர்கள் நேர்கோட்டில் போயின. உங்கள் கண்ணை நோக்கி வந்தவற்றைக் கோப்பையின் விளிம்பு தடுத்துவிட்டது. விளிம்பைத் தாண்டி வெளியேறியவை செங்குத்தாக ஏறி உங்கள் தலைக்கு மேலே போய்விட்டன. கோப்பையிலிருந்து ஒளி வெளியே வந்துகொண்டுதான் இருந்தது. உங்கள் கண் அதன் வழியில் இல்லை, அவ்வளவுதான்.

தண்ணீர் ஊற்றியதும், தலைக்கு மேலே போயிருக்க வேண்டிய கதிர்களில் சில நீரின் மேற்பரப்பில் வளைந்து, சாய்ந்து, உங்கள் கண்ணுக்குள் வருகின்றன. ஒளி ஓர் ஊடகத்திலிருந்து இன்னோர் ஊடகத்துக்குச் சாய்வாக நுழையும்போது திசை மாறுவதை ஒளிவிலகல் என்கிறோம். இங்கே இரண்டு ஊடகங்கள் நீரும் காற்றும். நீருக்குள் ஒளி நேராகத்தான் போகிறது. காற்றிலும் நேராகத்தான் போகிறது. திரும்புவது இரண்டும் சந்திக்கும் அந்த ஓர் இடத்தில் மட்டும்.

படம் வரைவோம். ஒரு கிடைக்கோடு, அதுதான் நீரின் மேற்பரப்பு. கதிர் அதைத் தொடும் புள்ளியில் மேலும் கீழும் ஒரு செங்குத்துக்கோட்டைப் புள்ளிகளாகப் போடுங்கள். நீருக்குள் நாணயத்திலிருந்து வரும் கதிர் படுகதிர். அது செங்குத்துக்கோட்டோடு அமைக்கும் கோணம் படுகோணம். காற்றில் வெளிவருவது விலகுகதிர், அதன் கோணம் விலகுகோணம். நம் கோப்பையில் படுகோணம் சுமார் 32°, விலகுகோணம் 45°. அதாவது நீரிலிருந்து காற்றுக்கு வரும் ஒளி செங்குத்துக்கோட்டை விட்டு விலகிப் போகிறது. காற்றிலிருந்து நீருக்குள் போனால் நேர்மாறு: செங்குத்துக்கோட்டை நோக்கி வளையும். செங்குத்துக்கோட்டின் மேலேயே வரும் கதிர் மட்டும் திரும்பாமல் நேரே போகும்.

அம்புக்குறிகளைக் கவனியுங்கள். குறிப்பேடுகளில் அதிகம் வரும் பிழை, கண்ணிலிருந்து நாணயத்துக்கு அம்பு போடுவது. அம்பு நாணயத்திலிருந்து கண்ணுக்கு வர வேண்டும்.

இன்னும் ஒரு கோடு பாக்கி. கதிர் வழியில் திரும்பியது மூளைக்குத் தெரியாது. ஒளி நேர்கோட்டில்தான் வந்திருக்கும் என்றே அது எடுத்துக்கொள்கிறது. எனவே விலகுகதிரைப் பின்னோக்கி, நீருக்குள், புள்ளிக்கோடாக நீட்டுங்கள். அந்தக் கோட்டின் வழியில், உண்மையான நாணயத்துக்கு மேலே, ஒரு நாணயம் இருப்பதாக நமக்குத் தோன்றுகிறது. அது மாயபிம்பம். கோப்பையின் அடியும் சேர்ந்து மேலே வந்ததுபோல் தெரிந்ததே, அதற்கும் இதுதான் காரணம்.

ஏன் வளைகிறது?

வேகம் மாறுவதால். காற்றில் ஒளியின் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 3,00,000 கி.மீ. நீரில் அது சுமார் 2,25,000 கி.மீ. ஆகக் குறைகிறது. வேகம் மாறினால் திசை ஏன் மாற வேண்டும் என்று கேட்டால், அது நல்ல கேள்வி. அச்சில் கோத்த இரண்டு பொம்மைச் சக்கரங்களை வழவழப்பான தரையில் உருட்டி, விரித்த துண்டின் மேல் சாய்வாக ஏறவிடுங்கள். முதலில் துண்டைத் தொடும் சக்கரம் மெதுவாகிவிடும். தரையில் இருக்கும் மற்றச் சக்கரம் பழைய வேகத்திலேயே ஓடும். அச்சு திரும்பிவிடும். நேராக ஏறினால் இரண்டும் ஒரே நேரத்தில் மெதுவாகும், திருப்பம் இல்லை. துண்டிலிருந்து தரைக்கு இறங்கும்போது எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதை நீங்களே உருட்டிப் பாருங்கள். நம் நாணயத்தின் ஒளி செய்வது அதைத்தான்.

இரு வேகங்களின் விகிதம் 3,00,000 ÷ 2,25,000 = 1.33. இது நீரின் ஒளிவிலகல் எண். சாதாரணக் கண்ணாடிக்கு இது சுமார் 1.5, வைரத்துக்கு 2.42. எண் கூடக் கூட ஒளி அதிகம் வளையும்.

இதை வைத்து நாணயம் எவ்வளவு உயர்ந்து தெரியும் என்று கணக்கிடலாம். நேர் மேலிருந்து பார்த்தால்:

தோற்ற ஆழம் = உண்மை ஆழம் ÷ ஒளிவிலகல் எண் = 8 ÷ 1.33 ≈ 6 செ.மீ.

8 செ.மீ. ஆழத்தில் இருப்பது 6 செ.மீ. ஆழத்தில் தெரிகிறது. 2 செ.மீ. உயர்வு. சாய்வாகப் பார்த்தால் இன்னும் மேலே தெரியும், அதற்கு இந்தச் சூத்திரம் போதாது.

கணக்கை அப்படியே நம்பாதீர்கள், அளந்து பாருங்கள். இப்போது கண்ணாடி டம்ளரை எடுக்கலாம். உள்ளே சுவரோரமாக ஒரு நாணயம், மேலே 8 செ.மீ. உயரத்துக்கு நீர். அதேபோல் இன்னொரு நாணயத்தை டம்ளருக்கு வெளியே, சுவரை ஒட்டிப் பிடியுங்கள். மேலிருந்து, உள்ளே இருப்பதை நீரின் மேற்பரப்பு வழியாகவும், வெளியே இருப்பதைக் காற்று வழியாகவும் பாருங்கள். தலையை லேசாக இடமும் வலமும் ஆட்டுங்கள். இரண்டும் வெவ்வேறு அளவு நகர்வதுபோல் தெரிந்தால் ஆழம் ஒன்றல்ல. வெளி நாணயத்தை மெல்ல உயர்த்திக்கொண்டே வந்தால், ஓரிடத்தில் இரண்டும் சேர்ந்தே நகரும். அந்த இடத்தை டம்ளரில் குறித்து, நீர்மட்டத்திலிருந்து அளவுகோலால் அளந்து பாருங்கள். 6 செ.மீ. சரியாக வராது. கை ஆடும், கண் ஏமாறும். 5.5-க்கும் 6.5-க்கும் இடையில் வந்தால் நன்றாகச் செய்திருக்கிறீர்கள்.

இந்த நாணயச் சோதனை மிகப் பழையது. இரண்டாம் நூற்றாண்டில் அலெக்சாண்டிரியாவில் வாழ்ந்த தாலமி இதைப் பற்றி எழுதியிருக்கிறார். காற்றிலிருந்து நீருக்குள் போகும் ஒளியின் கோணங்களை அளக்கவும் செய்தார். கோணங்களை இணைக்கும் சரியான விதி கிடைக்க நெடுங்காலம் ஆனது. 984-இல் இப்னு சால் அதை எழுதி வைத்தார். ஐரோப்பாவில் 1621-இல் ஸ்நெல் மறுபடி கண்டறிந்தார். அவர் பெயரிலேயே அந்த விதியை மேல்வகுப்பில் படிப்பீர்கள்.

கோப்பையில் 2 செ.மீ. வித்தியாசம் வேடிக்கை. நீச்சல் குளத்தில் அது வேடிக்கையல்ல. 2 மீட்டர் ஆழம், கரையில் நின்று பார்ப்பவருக்கு ஒன்றரை மீட்டரோ அதற்கும் குறைவாகவோ தெரியும். “அடி தெரிகிறதே, இறங்கிவிடலாம்” என்று நினைப்பது ஆபத்து. ஆழத்தைக் கண்ணால் முடிவு செய்யாதீர்கள். வில்லாளி மீன் என்று ஒன்று உண்டு. நீருக்குள் இருந்தபடியே வாயால் நீரைப் பீய்ச்சி, மேலே இலையில் இருக்கும் பூச்சியை வீழ்த்தும். பூச்சி தெரியும் இடம் வேறு, இருக்கும் இடம் வேறு. ஆனாலும் குறி தப்புவது குறைவு, விலகலுக்கு ஈடுகட்டித்தான் அது பீய்ச்சுகிறது.

செய்து பார்த்து எழுதுங்கள்

1. ஊற்றும் முன் எழுதிய வரியை இப்போது படியுங்கள். அதில் எது சரி, எதை மாற்றுவீர்கள்? இரண்டு வரியில்.

2. கண் 45° சாய்வில் இருக்கும்போது 4 செ.மீ. உயரம் வரை மட்டும் நீர் ஊற்றினால், 2.5 செ.மீ. நாணயத்தில் எவ்வளவு தெரியும்? கணக்கிட்டுவிட்டு ஊற்றிப் பாருங்கள்.

3. நீருக்குப் பதில் கிளிசரின் 8 செ.மீ. உயரத்துக்கு ஊற்றுகிறோம். அதன் ஒளிவிலகல் எண் 1.47. மேலிருந்து பார்த்தால் நாணயம் எந்த ஆழத்தில் தெரியும்?

4. குளத்துக்குள் இருக்கும் மீன், மேலே கிளையில் உட்கார்ந்த பறவையைப் பார்க்கிறது. மீனுக்குப் பறவை உண்மையான இடத்தைவிட உயரத்தில் தெரியுமா, தாழ்வாகவா? கதிர்ப்படம் வரைந்து காட்டுங்கள். அம்பு எங்கிருந்து எங்கே போகிறது என்பதை மறக்க வேண்டாம்.

5. நம் கோப்பையில் நீருக்குள் 32°, காற்றில் 45°. நீருக்குள் கோணத்தைக் கூட்டிக்கொண்டே போனால் காற்றில் உள்ள கோணம் 90° வரை வந்துவிடும். அதற்கு மேலும் கூட்டினால் அந்தக் கதிர் எங்கே போகும்? ஊகித்து எழுதி வாருங்கள், அடுத்த வகுப்பை அதிலிருந்து தொடங்குவோம்.